புது வீட்டுச் சுவரில் இருக்கும் லேன் சாக்கெட்: டெஸ்டர் வைத்துப் பார்ப்பதும் சரிசெய்வதும்

வீடு கட்டும்போதே ஒவ்வொரு அறைக்கும் லேன் கேபிள் இழுத்துச் சுவரில் சாக்கெட் வைத்திருக்கிறீர்கள். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறீர்கள். ஹாலில் ரூட்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் முழு வேகம் வருகிறது. மாடி அறையில் சாக்கெட்டில் ஒயரைச் செருகினால் 94-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது, அல்லது அடிக்கடி அறுந்து அறுந்து வருகிறது. இணைய கம்பெனிக்காரர் வந்து பார்த்து "எங்க சைடு சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மைதான். கோளாறு சுவருக்குள் ஓடும் கேபிளில் இருப்பது அபூர்வம். அதன் இரண்டு முனைகளில், சாக்கெட்டின் பின்பக்கம் மாட்டியிருக்கும் விதத்தில்தான் இருக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இதோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதுகிறேன். நம் பக்கத்தில் லேன் சாக்கெட்டை மாட்டுவது அநேகமாகக் கரன்ட் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்தான். அதுவும் பால்காய்ப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பெயின்டர் ஒரு பக்கம் டைல்ஸ்காரர் ஒரு பக்கம் நிற்க, அவசர அவசரமாக. ஸ்விட்ச் போர்டு வேலையில் அவர் கெட்டிக்காரராக இருக்கலாம். லேன் ஒயருக்குக் கணக்கு வேறு.

1. முதலில் தேட வேண்டிய காகிதங்கள்

பூச்சு வேலைக்கு முன் சுவரில் பைப் ஓடிய போட்டோ யாருடைய போனிலாவது இருக்கும், கொத்தனாரிடமும் கேளுங்கள். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்குப் பைப் போகிறது என்று அதில் தெரியும். அடுத்தது கேபிள் வாங்கிய பில். அதில் கேபிளின் தரத்தைச் சொல்லும் கேட்-6 என்று மட்டும் இருக்கிறதா, சிசிஏ என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சிசிஏ என்றால் செம்பு பூசிய அலுமினியம். பில் கிடைக்காவிட்டால் கேபிள் முனையில் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதை இரண்டு மூன்று தடவை மடக்கினாலே ஒடிந்துவிடும் என்பதால், மாட்டும்போது கூடுதல் நிதானம் வேண்டும்.

மூன்றாவது, எலக்ட்ரீஷியனின் கடைசி பில். இன்னும் செட்டில் செய்யவில்லை என்றால் செய்யாதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளை முடித்துவிட்டுக் கொடுக்கலாம். வீடு இன்னும் பூச்சு நிலையில்தான் இருக்கிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சாக்கெட் மாட்டும் முன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சாண் நீளமாவது கேபிளை விட்டுச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.

2. வாங்க வேண்டியவை

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். கடையில் "லேன் டெஸ்டர்" என்று தெளிவாகக் கேளுங்கள். வெறும் டெஸ்டர் என்றால் கரன்ட் பார்க்கும் ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொடுப்பார்கள். அதுவும் வேண்டியதுதான், ஆனால் வேறு வேலைக்கு.

லேன் டெஸ்டர் இரண்டு துண்டாக வரும்: பெரியது, சிறியது. சாதாரண ரகம் 200 முதல் 400 ரூபாய்க்குள். உள்ளே 9 வோல்ட் சதுர பேட்டரி போட வேண்டும், பெட்டியோடு வராது. சாக்கெட்டின் பின்னால் கம்பியை அழுத்தி இறக்கும் பஞ்ச் டூல் 300 ரூபாய் வாக்கில். கடைக்காரர் சாக்கெட்டோடு இலவசமாகத் தரும் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு அவசரத்துக்கு உதவும், நம்பிக்கைக்கு உதவாது. கேட்-6 சாக்கெட் ஒன்று 150 முதல் 350 வரை. ஸ்விட்ச் போர்டு மாடுலர் பிளேட்டில் பொருந்தும் வகை இன்னும் கொஞ்சம் கூட. உங்கள் பிளேட்டையோ அதன் போட்டோவையோ கொண்டு போய்ப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனி சாக்கெட் இன்னொரு கம்பெனி பிளேட்டில் உட்காராது. இதோடு கடையிலேயே தயார்செய்த குட்டை லேன் ஒயர் இரண்டு. எடுத்த எடுப்பில் எல்லா அறைக்கும் சாக்கெட் வாங்கிக் குவிக்காதீர்கள். பழையவற்றில் பாதி தேறிவிடும்.

3. கரன்டை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும்

லேன் ஒயரில் சாதாரணமாக ஷாக் அடிக்காது. ஆனால் நம் வீடுகளில் லேன் சாக்கெட் பெரும்பாலும் பிளக் பாயின்ட்டோடு ஒரே பெட்டியில், ஒரே பிளேட்டில் இருக்கும். பிளேட்டைக் கழற்றும் முன் அந்த அறையின் எம்சிபியை இறக்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளில் வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று பலருக்குத் தோன்றும். டெஸ்டர் பேட்டரியில் ஓடுவதால் வசதியும்கூட. ஆனால் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் சில பாயின்ட்டுகளில் அப்போதும் கரன்ட் இருக்கும். ஸ்குரூ டிரைவர் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பெட்டிக்குள் லேன் கேபிளும் கரன்ட் ஒயரும் ஒரே பைப்பிலிருந்து வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால், அது சாக்கெட்டை மாற்றித் தீரும் விஷயம் இல்லை. ஒரு ஒயரின் உறை உரிந்தாலும் கரன்ட் லேனுக்குள் வரலாம். வேறு பைப் வழியாக இழுப்பதுதான் வழி.

4. டெஸ்டருக்கு முன் ஒரு சின்னப் பார்வை

லேப்டாப்பை அந்தச் சாக்கெட்டில் செருகி, இணைப்பு எந்த வேகத்தில் பேசி முடிவாகியிருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து இதை அடியுங்கள்:

```
Get-NetAdapter
```

லினக்ஸில் (`enp3s0` இருக்கும் இடத்தில் உங்கள் கார்டின் பெயர்):

```
ethtool enp3s0
```

`LinkSpeed` அல்லது `Speed` என்ற இடத்தில் `1 Gbps` அல்லது `1000Mb/s` இருக்க வேண்டும். 100 என்று இருந்தால் விஷயம் பாதி பிடிபட்டுவிட்டது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 வேகத்துக்கு 1-2, 3-6 என்ற இரண்டு ஜோடி போதும். 1000 வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரண்டு முனைக் கருவிகளும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் வேகம் சொல்லிவைத்தாற்போல 94-ல் நிற்கிறது. ரூட்டரின் துளையே 100 வேகம் மட்டும் உள்ளதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரூட்டர்கள் பல அப்படித்தான்.

5. டெஸ்டரைப் பிடிக்கும் முறை

ரூட்டர் பக்கத்து முனையை ரூட்டரிலிருந்து கழற்றுங்கள். லேன் கேபிளிலேயே கரன்டும் சேர்த்து அனுப்பும் கேமரா நெட்வொர்க் ஸ்விட்ச்சில் மாட்டியிருந்தால் இது கட்டாயம், டெஸ்டர் வெந்துவிடலாம். அடுத்து, வாங்கிய இரண்டு குட்டை ஒயரையும் தனித்தனியாக டெஸ்டரின் இரண்டு துண்டுக்கும் இடையில் மாட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் போய், ஒயரில் இருக்கும் கோளாறைச் சுவரில் தேடுகிறவர்கள் உண்டு.

இப்போது பெரிய துண்டை ஹால் முனையிலும் சிறியதை மாடிச் சாக்கெட்டிலும் மாட்டி ஆன் செய்யுங்கள். மெதுவாக ஓட விடும் பொத்தான் இருந்தால் அதில் வையுங்கள். 1 முதல் 8 வரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். பார்க்க வேண்டியது சிறிய துண்டை. மாடியில் ஒருவர் நின்று போனில் எண்களை வாசிக்க, நீங்கள் கீழே எழுதிக்கொள்ளுங்கள். ஜி என்ற கடைசி விளக்கு எரியாவிட்டால் பதறாதீர்கள். அது உலோக உறை உள்ள கேபிளுக்கு. வீட்டில் போடும் சாதாரணக் கேபிளில் எரியாது.

ஒரு எண் இரண்டு துண்டிலும் எரியவில்லை என்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சாக்கெட்டின் பல்லில் சரியாக இறங்கவில்லை. பெரியதில் வரிசையாக எரிந்து சிறியதில் மட்டும் இரண்டு எண்கள் இருட்டாக இருந்தால் அந்த இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. 4, 5, 7, 8 நான்குமே இருட்டு என்றால் வேலை செய்தவர் நான்கு கம்பி மட்டும் மாட்டிவிட்டு மீதியை மடக்கி உள்ளே திணித்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். எங்கள் கீழ் அறையில் அதுதான் நடந்திருந்தது. சிறிய துண்டில் 3, 6, 1, 4, 5, 2, 7, 8 என்று எரிந்தால் ஒரு முனையில் ஏ முறையிலும் மறுமுனையில் பி முறையிலும் மாட்டியிருக்கிறார்கள். ஏ, பி என்பவை கம்பி நிறங்களை அடுக்கும் இரண்டு வரிசைகள். இன்றைய கருவிகள் இதைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும். ஆனாலும் கையோடு கையாகத் திருத்திவிடுவது நல்லது.

இன்னொன்றையும் சோதியுங்கள். பெரிய துண்டை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, சிறியதை மற்ற அறைச் சாக்கெட்டுகளில் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒரே கேபிளுக்கு இரண்டு சாக்கெட்டில் விளக்கு எரிந்தால், பிளக் பாயின்ட்டுக்கு லூப் எடுப்பதுபோல லேனுக்கும் லூப் எடுத்திருக்கிறார்கள். லேன் அப்படி ஓடாது. நடுவில் உள்ள பெட்டியில் வரும் கேபிளையும் போகும் கேபிளையும் பிரித்துத் தனித்தனிச் சாக்கெட்டில் மாட்டுங்கள். இரண்டு அறைக்கும் இணைப்பு வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வைக்கலாம். ஒரு அறைக்குப் போதும் என்றால் இரண்டு சாக்கெட்டையும் ஒரு குட்டை ஒயரால் இணைத்துவிடலாம்.

6. எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தும் ஓடாத சாக்கெட்

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாடி அறைச் சாக்கெட்டில் 1 முதல் 8 வரை அழகாக எரிந்தது. ஆனால் லேப்டாப்பைச் செருகினால் 1 ஜிபிபிஎஸ் என்று காட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அறுந்து 100-க்கு வந்து நிற்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவரும் ஒரு டெஸ்டரோடு வந்தார். "அண்ணாச்சி, எட்டு லைட்டும் வரிசையா எரியுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டெஸ்டரால் அவ்வளவுதான் பார்க்க முடியும்.

இந்த விலை டெஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த முனையின் 3-ம் எண், அந்த முனையின் 3-ம் எண்ணுக்குப் போய்ச் சேருகிறதா. எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்று அதற்குத் தெரியாது. லேன் கேபிளில் அதுதான் முக்கியம். ஒவ்வொரு நிறமும் அதன் வெள்ளைக் கோடு போட்ட துணையோடு முறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிக்னல் ஒரே முறுக்கின் இரண்டு கம்பியிலும் எதிரெதிராகப் போனால்தான் வெளி இரைச்சல் அடிபடும், பக்கத்து ஜோடியையும் தொந்தரவு செய்யாது. சாக்கெட்டில் 1-2 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. நடுவில் மட்டும் 4-5 ஒரு ஜோடி, அதை அணைத்தபடி 3-6 ஒரு ஜோடி.

இது தெரியாதவர், நிறங்களை ஜோடி ஜோடியாக வரிசையில் மாட்டிவிடுவார்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-பிரவுன், பிரவுன். பார்க்க ஒழுங்காக இருக்கும். இரண்டு முனையிலும் அப்படியே செய்தால் டெஸ்டரும் பாஸ் போட்டுவிடும். ஆனால் 3-6 சிக்னல் இப்போது வெள்ளை-பச்சையிலும் நீலத்திலும் ஓடுகிறது. அதாவது இரண்டு வெவ்வேறு முறுக்கு. 4-5 சிக்னல் பச்சையிலும் வெள்ளை-நீலத்திலும். ஒன்றின் சத்தம் இன்னொன்றுக்குள் போய்விடும். ஆரஞ்சும் பிரவுனும் தப்பித்துவிடுகின்றன. கேபிள் குட்டையாக இருந்தால் ஒப்பேற்றிக்கொண்டு ஓடும். நீளம் கூடக் கூடக் குளறுபடி கூடும். அதனால்தான் ஹாலுக்குப் பக்கத்து அறை ஓடும், மாடி அறை ஓடாது.

இதைப் பிடிக்கும் டெஸ்டரும் உண்டு, ஆனால் விலை ஆயிரங்களில். வீட்டுக்கு அது தேவையில்லை, கண் போதும். சாக்கெட்டைக் கழற்றி, அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் நிறமும் அங்கே இறங்கியிருக்கும் கம்பியின் நிறமும் ஒன்றா என்று பாருங்கள். கிரிம்ப் செய்த பிளக்காக இருந்தால், கிளிப் கீழே, தங்கப் பற்கள் மேலே, செருகும் பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறம் என்று பிடித்து இடமிருந்து வலம் படியுங்கள். பி முறையில் சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். வெள்ளை-பச்சையும் பச்சையும் 3, 4-ம் இடங்களில் அடுத்தடுத்து இருந்தால் அந்த முனை தப்பு. எங்கள் மாடிச் சாக்கெட்டில் அப்படித்தான் இருந்தது, ஹால் முனையிலும் அதே வரிசை. இரண்டையும் மாற்றினால்தான் தீரும். ஒரு முனையை மட்டும் திருத்தினால் இதுவரை பாஸ் ஆன டெஸ்டர் இப்போது 4-ஐயும் 6-ஐயும் மாற்றிக் காட்டும். பாதி வேலையில் அதைப் பார்த்துப் பயந்து பழையபடி மாட்டிவிடாதீர்கள்.

7. சாக்கெட்டை மறுபடி மாட்டுவது

பழைய முனையை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வெளி உறையை 3-4 சென்டிமீட்டர் மட்டும் உரியுங்கள். பிளேடை அழுத்தினால் உள்ளே உள்ள கம்பியின் உறையும் கீறும். உறையைச் சுற்றி லேசாகக் கீறல் போட்டு மடக்கினால் அதுவே விண்டு வரும். நடுவில் சிலுவை வடிவப் பிளாஸ்டிக் இருந்தால் உறையை ஒட்டி வெட்டிவிடுங்கள்.

ஸ்டிக்கரில் ஏ, பி என்று இரண்டு வரிசை இருக்கும். பி-யைப் பின்பற்றுங்கள், வீடு முழுக்க அதையே. பச்சையும் ஆரஞ்சும் மட்டும்தான் இரண்டிலும் இடம் மாறும். சாக்கெட்டின் பின்பக்கத் துளைகள் 1 முதல் 8 என்ற வரிசையில் இருக்காது. உள்ளே அவர்களே மாற்றி இணைத்திருப்பார்கள். அதனால் எண்ணை மறந்துவிட்டு நிறத்தை மட்டும் பாருங்கள். ஸ்டிக்கர் பெயின்டில் மறைந்துபோன பழைய சாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள், யூகித்து மாட்ட வேண்டாம்.

முறுக்கைப் பிரிக்கும் நீளம் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. துளையின் வாசல் வரை முறுக்கு இருக்கட்டும். கம்பியைத் துளையில் வைத்து, பஞ்ச் டூலின் வெட்டும் ஓரம் சாக்கெட்டுக்கு வெளிப்புறம் பார்க்கும்படி நேராக அழுத்துங்கள். டக்கென்று ஒரு சத்தம், மிச்சக் கம்பி வெட்டுப்பட்டு விழும். ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால் வெட்டுப்படுவது வேண்டிய கம்பிதான். முதல் முனைக்கு அரை மணி நேரம் ஆகலாம். பிறகு பத்து நிமிடம் போதும்.

பெட்டிக்குள் கேபிள் மிச்சம் இல்லாமல் குட்டையாக வெட்டியிருந்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பைப்பில் கொஞ்சம் தொய்வு இருந்தால் வரும். வராவிட்டால் பலம் காட்ட வேண்டாம், முறுக்கு குலைந்துவிடும். பிளேட் இல்லாமல் சாக்கெட்டை மட்டும் முதலில் மாட்டி முடித்துவிட்டு, பிறகு பிளேட்டுக்குள் தள்ளினால் குட்டைக் கேபிளிலும் வேலை நடக்கும். பெட்டிக்குள் கேபிளைச் சுருட்டும்போது வளைவின் ஆரம் ஒரு அங்குலத்துக்கும் குறையும்படி வளைக்காதீர்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தளம் மூழ்கிய வீடாக இருந்தால், தரையை ஒட்டிய சாக்கெட்டுகளைச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பல்லில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இன்று எரியும் விளக்கு அடுத்த மழைக்கு எரியாது. கேபிளைச் சுத்தமான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புதுச் சாக்கெட் போடுங்கள்.

8. பிளேட்டை மூடும் முன்

டெஸ்டரை மறுபடி ஓட விடுங்கள். அப்புறம் ரூட்டரில் மாட்டி, லேப்டாப்பில் வேகத்தைப் பாருங்கள். `1 Gbps` வந்த உடனே மூடிவிடாதீர்கள். பெரிய கோப்பு ஒன்றை வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மறுபடி `Get-NetAdapter` அடித்துப் பாருங்கள். 100-க்கு இறங்காமல் இருந்தால் மூடலாம். இரண்டு கம்ப்யூட்டரிலும் வேகம் அளக்கும் `iperf3` நிரல் இருந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் முதல் வரி, மற்றதில் இரண்டாவது (`192.168.1.10` இருக்கும் இடத்தில் உங்கள் முதல் கம்ப்யூட்டரின் முகவரி):

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -t 60
```

நல்ல இணைப்பில் 940 எம்பிபிஎஸ் பக்கம் வரும். மாடிச் சாக்கெட் இரண்டு முனையும் மாற்றிய பிறகு அதைத்தான் காட்டியது. கேபிளை மாற்றவே இல்லை.

ஹால் முனையில் ஒவ்வொரு கேபிளுக்கும் எந்த அறை என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். மூடும் முன் சாக்கெட்டின் பின்பக்கத்தை, நிறம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியனிடம் பேச வேண்டியிருந்தால் பழைய சாக்கெட்டின் போட்டோவையும் ஸ்டிக்கரையும் அருகருகே காட்டுங்கள். டெஸ்டரைக் காட்டி வாதாட வேண்டாம். அது அவர் பக்கம்தான் சாட்சி சொல்லும். எங்கள் எலக்ட்ரீஷியன் போட்டோவைப் பார்த்துவிட்டு மீதி இரண்டு அறையை அவரே மாற்றிக் கொடுத்தார், சாக்கெட் காசு மட்டும் வாங்கிக்கொண்டு.